ஐஸ் பிளான்ட் சுவரில் ஐந்து சொற்கள்

பொன்னேரி கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் உள் மேசை கலைவாணிக்கு. பழவேற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். வக்கீல்கள் தரும் தமிழ்க் காகிதங்களை ஆங்கிலமாக்கி, 'உண்மையான மொழிபெயர்ப்பு' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவாள். பதினாலு வருஷமாக இதுதான் வேலை.

தமிழ் எழுத்தில் வரும் ஆங்கிலத்துக்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. கடைப் பெயர் என்றால் பில் ஒன்றை வரவழைத்துப் பார்த்து, அவர்கள் எழுதுகிற ஸ்பெல்லிங்கையே போடுவாள். அதில் ஓர் எழுத்து குறைந்தாலும் திருத்த மாட்டாள், பெயர் அவர்களுடையது. மற்ற சொற்கள், டீசல், ஒர்க்ஷாப், லைசென்ஸ் எல்லாம், யோசிக்காமல் ஆங்கிலமாகத் திரும்பிவிடும். டீசலை யாராவது மொழிபெயர்ப்பார்களா?

தை மாதம் வக்கீல் தேவேந்திரன் ஒரு கட்டு கொடுத்தார். ஐஸ் பிளான்ட் முதலாளி ஹைகோர்ட்டில் போடவிருந்த அப்பீலுக்கான காகிதங்கள். கட்டுக்குள் ஒரு போட்டோ: இயந்திர அறைக் கதவுக்குப் பக்கத்தில் மஞ்சள் பலகை, அதில் தமிழ் எழுத்தில், 'ரெஸ்பிரேட்டர் மேண்டேட்டரி பியாண்ட் திஸ் பாயிண்ட்.' ஐந்து சொற்களையும் பெரிய ஆங்கில எழுத்தில் அடித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

சித்திரையில் அதே காகிதங்கள் அவளிடமே திரும்பி வந்தன. கொண்டுவந்தவள் குப்பம்மா, ஏரிக்கரைக் குப்பத்தில் அடுத்த தெருக்காரி. கூடவே அவள் புருஷன் எல்லப்பன், வலது கண்ணில் வெள்ளைத் துணி.

"அக்கா, இங்கிலீசுல கீது. இன்னா சொல்றானுவன்னு படிச்சுச் சொல்லேன். எங்க வக்கீல் கேசு கஷ்டம்ன்றாரு."

ஏரியில் மீன்பாடு இல்லாத மாதங்களில் எல்லப்பன் ஐஸ் பிளான்ட்டுக்குப் போவான். ஒரு நாள் அமோனியா கசிந்தது. வால்வை மூட உள்ளே ஓடினான். கண் போயிற்று. தொழிலாளர் அதிகாரி போட்டோவில் இருந்த தமிழ் எழுத்தைத் தன் கண்ணால் பார்த்து, நஷ்டஈடு தரச் சொல்லி உத்தரவு எழுதினார். அந்த உத்தரவை எதிர்த்துத்தான் அப்பீல்: எச்சரிக்கைப் பலகை இருந்தும் வேண்டுமென்றே மீறினான் என்று.

கலைவாணி வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். தான் அடித்த பக்கம் வந்தது.

"பலகைல, இதத் தாண்டிப் போறவங்க மூச்சுக் கவசம் கட்டாயம் போடணும்னு இருந்துச்சாம்."

எல்லப்பன் நிமிர்ந்தான். "எந்தப் பலகைல?"

"மஞ்சப் பலகை."

"இப்டி எழுதி இருந்தா நா ஏன்க்கா மூக்கத் தூக்கினு உள்ள போறேன்? அதுல ஏதோ ரெஸ்பி, மேண்டிட்டுனு இருந்துச்சு. மெஷின் கம்பெனி பேருன்னு நெனச்சினு இருந்தோம்."

"எட்டாங் கிளாஸ் படிச்ச பெரிய மன்சன்," என்றாள் குப்பம்மா.

"எழுத்துக் கூட்டிப் படிச்சேன்டி! படிச்சா புரியணுமா?"

தமிழில் போர்டு வை என்று தொழிற்சாலை ஆய்வாளர் முதலாளியிடம் சொன்னாராம். முதலாளி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பெயிண்டர் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போனான். குப்பம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். கலைவாணி காகிதத்தின் அடியில் இருந்த தன் கையெழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

மாலையில் தேவேந்திரனுக்கு ஃபோன் செய்து, பலகைப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்றாள்.

"ஸ்பெல்லிங் தப்பா மேடம்?"

"இல்ல சார். ஆனா அந்த போர்டு இங்கிலீஷ் எழுத்துல இல்ல. நான் அடிச்சதப் படிக்கிற ஜட்ஜுக்கு, எல்லப்பனுக்கும் இவ்ளோ தெளிவா இருந்த மாதிரி ஆயிடுது. தமிழ் எழுத்துல இருந்த இங்கிலீஷ்னு ஒரு குறிப்பு சேர்க்கணும்."

"ஃபைல் ஆயிடுச்சு. உங்க கையெழுத்துக்கு நீங்களே எதிரா எழுதுனா, அப்புறம் அந்தக் கையெழுத்த எவன் மதிப்பான்? என் வேலைய வுடுங்க, மத்த வக்கீலுங்க தருவாங்களா?"

அவர் மிரட்டியதாகச் சொல்ல முடியாது. நிஜத்தைத்தான் சொன்னார்.

இரண்டு நாள் அவள் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் புதிதாக அடித்தாள். பலகையின் ஒலியை அப்படியே ஆங்கில எழுத்தில் வைத்தாள். பார்க்கக் கோணலாக இருந்தது. அடியில் குறிப்பு: இவை தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட ஆங்கிலச் சொற்கள், பொருள் இது, பலகையில் தமிழ்ச் சொல் ஒன்றும் இல்லை, என் முந்தைய மொழிபெயர்ப்பு இதைக் காட்டவில்லை. கடைசி வரியை இருமுறை அழித்து, திரும்ப அடித்தாள். கையெழுத்துப் போட்டுக் குப்பம்மாவிடம் கொடுத்தாள்.

"உங்க வக்கீல் கைல குடு."

"இதனால ஜெயிச்சுடுவோமாக்கா?"

"தெரியல."

அப்பீல் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. தேவேந்திரனின் கட்டுகள் இப்போது வேறு கடைக்குப் போகின்றன. நேற்று ஒரு படகு லைசென்ஸ் வந்தது. 'ஃபைபர் போட், டீசல் இன்ஜின்.' கலைவாணி விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டு, லைசென்ஸ்காரனைக் கூப்பிட்டு, "இதப் படி. உனுக்கு இன்னா புரியுது?" என்று கேட்டாள்.