பொல்கொல்லை நீரில் பன்னிரண்டு டப்பா

கண்டியில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழை வருமா என்று அறிய ஹந்தானை மலையைப் பார்ப்போம். உச்சி தெரிந்தால் துணி காயும். மறைந்தால் குடை எடுப்போம். அன்று பொல்கொல்லை நீர்த்தேக்கத்தின் படகுத்துறையில் நின்று நான் பார்த்தபோது உச்சி பளிச்சென்று தெரிந்தது. அதனால் விமானி புறப்பட முடியாது என்று சொன்னது எனக்கு வெறும் சாக்காகப் பட்டது.

இரவு பதினொரு மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து நானும் மனைவியும் டொரண்டோவுக்குப் புறப்பட வேண்டும். இரண்டு நாளில் மகனின் கல்யாணம். அங்கே போகும் வழியில், கடுகண்ணாவையில் மண் சரிந்து ரோட்டும் ரயிலும் நின்றுவிட்டதால், தண்ணீரிலேயே ஓடி எழும்பும் சிறிய விமானத்தில் மகன் எங்களுக்கு இடம் பிடித்திருந்தான். எங்களிடம் நான்கு பெட்டிகள், பலகாரம் அடைத்த பன்னிரண்டு டப்பாக்கள். டப்பாக்களை ஏற்கனவே மூன்று முறை எண்ணிவிட்டேன்.

விமானி யாழ்ப்பாணத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். துணை விமானியோடு சேர்ந்து, துறையில் இரண்டு கயிற்றால் கட்டியிருந்த விமானத்துக்கு இன்னும் இரண்டு கயிறு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஹந்தானை தெளிவா இருக்கேம்மா," என்றேன்.

"ஓம் ஐயா, அது தெளிவுதான். நீங்கள் அங்கால பாருங்கோ."

கிழக்கே, நக்கிள்ஸ் மலைக்கு மேல், காலிஃபிளவர் போல ஒரு மேகம் திரண்டிருந்தது. அதன் உச்சி தட்டையாகப் பரவி எங்கள் தலைக்கு மேல் வரை வந்திருந்தது.

"நாங்க போறது மேற்க. அது பாட்டுக்கு அங்க இருக்கட்டுமே," என்றேன்.

"காத்து இப்ப அந்த முகிலைப் பாத்துத்தான் போகுது. காத்துக்கு எதிராத்தான் நான் எழும்பவேணும். அப்ப முகில் முதுகுக்குப் பின்னால. அதுக்குள்ள இருந்து கீழ கொட்டுற குளிர்காத்து பின்னாலால வந்து பிடிச்சுதெண்டால், இறக்கைக்கு மேலால ஓடுற காத்தின்ர வேகம் திடீரெண்டு குறைஞ்சிடும். எழும்பின உடன உயரமும் இல்லை. திரும்பத் தண்ணிதான்."

"தலைக்கு மேல வெயில்தானே?"

"அந்தத் தட்டைக்குக் கீழ வெயில் அடிச்சாலும் நான் போகமாட்டன். உள்ளுக்க மேல போன ஆலங்கட்டி வெளியாலயும் வந்து விழும். நாங்கள் போற வேகத்துக்கு அது கல்லு. கண்ணாடி உடையும். முகிலுக்குள்ளயோ, ஒரு பக்கம் காத்து மேல இழுக்கும், அடுத்த பக்கம் கீழ தள்ளும். விமானத்தை ஆரும் பிடிச்சு உலுக்கினமாதிரி."

"எத்தன மணிக்குத்தான் போவோம்?"

"தெரியாது ஐயா. ஐஞ்சரைக்குப் பிறகு கேக்காதேங்கோ. இருட்டில தண்ணியில இறங்க ஏலாது."

மணி மூன்றரை. இரண்டு மணித்தியாலம்தான் இருந்தது. நான் புலம்பத் தொடங்கினேன்.

"ஏங்க, சும்மா இருங்க. அந்தப் புள்ள வேணும்னேவா சொல்லுது?" என்றாள் மனைவி. "டப்பாவ இன்னொருக்கா எண்ணுங்க, பொழுது போகும்."

மின்னல் வெட்டியது. இடி கேட்கும்வரை எண்ணினேன்: பதினெட்டு. அடுத்தது பதினொன்று. பிறகு காற்று அடியோடு நின்றுவிட்டது. தண்ணீர் கண்ணாடி போல அசையாமல் கிடந்தது. "இப்ப போகலாமே," என்று நான் வாயெடுத்த அதே வேளையில், நீர்த்தேக்கத்தின் நடுவில் மழை ஒரு தூண் போல இறங்கியது. அதைச் சுற்றித் தண்ணீர் வெள்ளையாகச் சிதறி, வட்டமாக நாலா பக்கமும் ஓடியது. அந்த வட்டம் துறையில் மோதியதும் என் தொப்பி பறந்தது. விமானம் நான்கு கயிற்றையும் இழுத்துக்கொண்டு திமிறியது. பட்டாணி அளவு ஆலங்கட்டிகள் தகரக் கூரையில் கொட்டின. எல்லாம் சில நிமிடம்தான்.

விமானி ஈரத் தலையோடு வந்து, அந்த இடத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"அதுக்குள்ளால போனால் முதல் முன்காத்து வந்து தூக்கும். நல்லதுதானே எண்டு நினைப்பம். பிறகு மேலால அமத்தும். அடுத்தது பின்காத்து. அந்தக் கடைசியிலதான் மீள ஏலாமல் போறது."

நான் வாயெடுத்த நேரத்தில் புறப்பட்டிருந்தால், நாங்கள் அந்த வட்டத்துக்குள் எழும்பிக்கொண்டிருந்திருப்போம். அவர் குரல் எப்போதும் போலவே இருந்தது. வற்புறுத்திய கிழவனிடம் "பாத்தீங்களோ" என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

புயல் மாத்தளைப் பக்கம் நகர்ந்த பிறகும் அவர் அவசரப்படவில்லை. தொலைபேசியில் வானிலை கேட்டார். ஆலங்கட்டி பட்டிருக்கிறதா என்று இறக்கையையும் சுழலியையும் விரலால் தடவிப் பார்த்தார். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் எழும்பினோம். வழியில் குருணாகல் பக்கம் இன்னொரு மேகம். அதன் ஓரத்தால் போயிருந்தால் நேரம் மிச்சம் என்று எனக்குத் தோன்றியது. அவர் தெற்கே வெகுதூரம் சுற்றிக்கொண்டு போனார். நான் டப்பாக்களை இன்னொரு முறை எண்ணினேன்.

சூரியன் மறையுமுன் கட்டுநாயக்காவுக்குப் பக்கத்து நீரில் இறங்கினோம். மனைவி ஒரு டப்பாவைத் தூக்கி விமானியின் கையில் வைத்தாள்.

"ஐயோ அம்மா, கலியாண வீட்டுப் பலகாரம்."

"வச்சுக்க புள்ள. கல்யாணத்துக்கு ஆளு போய்ச் சேரணும்ல, அதான் பெருசு."

டொரண்டோவுக்குப் பதினொரு டப்பாதான் போனது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, என்னைத் தவிர.