பதினான்கில் பன்னிரண்டு

மலேசியாவின் கூலிம் கல்லூரியில் வேதியியல் படித்த பிரிஜெட், 1987இல் செமஸ்டர் நடக்கும்போதே கரங்கான் ரப்பர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். நூற்றிருபது மணி நேரம் வேலை செய்து கையெழுத்து வாங்கினால்தான் கல்லூரி மூன்று கிரெடிட் தரும். பயிற்சிக் கடிதம் கையில் இருக்கிறதே என்று புதன்கிழமைக் காலை வகுப்பை இரண்டு வாரம் விட்டுவிட்டு ஆலைக்குப் போனாள்.

கல்லூரி அலுவலகத்து ஜைனப் அக்கா வருகைப் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். “கடிதம் கிரெடிட்டுக்குத்தான் தங்கச்சி, வகுப்புக்கு இல்ல. எண்பது சதவீதம் வேணும். பதினாலுல ரெண்டு போச்சு. இன்னும் ஒன்னு போனா பரீட்சை எழுத முடியாது.”

பிரிஜெட் ஆலைக்கு ஓடினாள். “அண்ணே, இனிமே மத்தியானம் வரட்டுமா?”

கூடத்துப் பொறுப்பாளர் மோரிஸ் சிரித்தார். “மரம் சீவுற வெட்டுக்காட்டிலிருந்து ரப்பர் பால் வர்றதே பன்னெண்டு மணிக்குத்தான் லா! காலையில வந்து காலி பாட்டிலைத்தானே கழுவினே? முதல்லயே கேட்டிருக்கலாமே.”

அதன்பிறகு புதன்தோறும் வகுப்பு முடிந்த கையோடு பஸ் ஏறினாள். சனிக்கிழமையும் போனாள். காய்ச்சலோடும் வகுப்பில் உட்கார்ந்தாள். உறையாமலிருக்க அம்மோனியா கலந்த பாலில் எத்தனை சதவீதம் ரப்பர் என்று அவள் எழுதிய கணக்கை மோரிஸ் மறுபடி சோதிப்பதையே நிறுத்திவிட்டார்.

பரீட்சைப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மோரிஸ் கையெழுத்திட்ட பயிற்சிப் புத்தகத்தை ஜைனப் அக்காவிடம் நிமிர்ந்து நின்று நீட்டினாள்.

“அம்மோனியா வாடை அடிக்குது தங்கச்சி.”

“நூத்திருபது மணி நேரத்து வாடை, அக்கா!”