செயலாளரின் கடைசிக் கேள்வி

பழங்கால ஐரோப்பிய வாட்பயிற்சி செய்யும் யாழ்ப்பாணக் கழகமொன்றின் செயலாளருக்கு நெடுந்தீவிலிருந்து கடிதம் எழுதினேன். வயது முப்பத்தெட்டு, வாளைத் தொட்டதேயில்லை, சேரலாமா என்று கேட்டிருந்தேன். வாள் வாங்க வேண்டாம், முகமூடியும் கையுறையும் கழகம் தரும் என்று பதில் வந்தது. கடைசியில் ஒரு கேள்வி: காயம், நோய், முகத்தை மூடுவதில் சிரமம் ஏதும் உண்டா?

"இல்லை" என்று எழுதினேன். அது பொய். படகின் கீழ்த்தட்டில் இருந்தாலே எனக்கு மூச்சு முட்டும்; மழையிலும் மேலேதான் இருப்பேன். சொன்னால் சேர்க்கமாட்டார்கள் என்று பயந்தேன்.

முதல் நாள், முன்னும் பின்னும் அடியெடுத்து வைக்கும் பயிற்சி நன்றாகவே போனது. பிறகு சோடியாக நின்று மழுங்கிய வாள்களை எடுத்தோம். கம்பிவலை முகமூடி தலையில் இறங்கியது. என் மூச்சின் சூடு என் முகத்திலேயே அடித்தது. அதைக் கழற்றத் தேடிய விரல்கள் தடித்த கையுறைக்குள் உதவவில்லை. வாள் கீழே விழுந்தது.

"நிப்பாட்டுங்கோ!" என்றார் செயலாளர். எல்லா வாள்களும் தாழ்ந்தன. அவரே என் முகமூடியைக் கழற்றினார்.

"இதை ஏன் எழுதேல்லை?"

"சேர்க்கமாட்டீங்கள் எண்டு நினைச்சனான், அக்கா."

"உமக்கென்ன விசரே? எழுதியிருந்தா முதல் மாதம் கால் பயிற்சி மட்டும் தந்திருப்பன். அதுக்கு முகமூடி தேவையில்லை."

வீடு திரும்பி, கடிதத்தைப் புதிதாக எழுதினேன். முகத்தை மூடினால் மூச்சு முட்டும் என்பதை என் பெயருக்கு அடுத்த வரியிலேயே எழுதினேன். என் வீட்டாருக்குக்கூட அதுவரை சொல்லாத விடயம் அது.