இரண்டாவது கியர்

பதினேழு வருடமாகக் காரின் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்துதான் சம்பாதிக்கிறேன். சாரம் பகுதியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித்தருவது வேலை. காலை ஆறு மணிக்கு ஏறினால் சாயங்காலம் வரை அதே நான்கு வார்த்தைகள்: க்ளட்ச், கியர், பிரேக், மெதுவா. வீட்டுக்கு வந்தபிறகு மனைவியிடம் பேசக்கூட வாய் வருவதில்லை. முதுகுவலி தனிக்கதை.

போன சித்திரையில் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவருக்குப் பக்கவாதம். வாரத்துக்கு மூன்று நாள் அவரை ஊருக்குள் பிசியோதெரபிக்கு அழைத்து வரவேண்டும். கணவர் ஓட்டிய கார் வாசலில் சும்மா நின்றது. டிரைவர் யாராவது கிடைப்பாரா என்று தினமும் கெஞ்ச முடியவில்லை, நானே ஓட்டிவிட்டால் போதும் என்றார். பயம் இருந்தது, ஆனால் பிடிவாதம் அதைவிட அதிகம்.

லாஸ்பேட்டைப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத சாலையில் பயிற்சி. ஸ்டியரிங், பிரேக் எல்லாம் சீக்கிரமே பிடிபட்டன. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது மட்டும் 'கர்ர்' என்று ஒரு சத்தம். கேட்டால் பல் கூசும்.

"க்ளட்ச்ச முழுசா மிதிங்கம்மா."

"முழுசாத்தான் மிதிக்கிறேன் மாஸ்டர்."

"முழுசா மிதிச்சா ஏன் சத்தம் வருது?"

பத்து நாள் இதே பேச்சு. மற்றவர்கள் ஓட்டும்போதும் அவ்வப்போது அந்தச் சத்தம் வரத்தான் செய்தது. புதிதாகக் கற்பவர்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். பதினோராம் நாள் வெயில் வேறு. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவரை இறக்கி இடப்பக்கம் உட்காரவைத்து, நானே ஓட்டிக் காட்டினேன். இரண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

"பாத்தீங்களா? வண்டில ஒண்ணும் இல்ல. கோளாறு உங்க கால்லதான்."

ஸ்கூல் வாசலில் அவர் இறங்கிப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு ஆள் குறைந்ததே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்று வாரத்தில் என் கைக்கும் அந்தக் கியர் 'கர்ர்' என்றது. எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் பாய் கியர்பாக்ஸைக் கழற்றி, பித்தளையில் வளையல் மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். சின்க்ரோ ரிங்.

"க்ளட்ச்ச மிதிச்சாலும் உள்ள அந்தக் கியர் சுத்திக்கிட்டுதான் இருக்கும். இந்த ரிங்கு போயி அதோட கூம்புமேல உரசி, வேகத்த சரிக்குச் சரி பண்ணும். அதுவரைக்கும் கியர கோத்துவிடற ஸ்லீவ உள்ள விடாது, தடுத்து நிக்கும். சமமானாதான் வழி விடும். அதனாலதான் பல்லு பல்லோட இடிக்காது."

புது ரிங்கைக் கூம்பில் அழுத்தித் திருகினார். அசையவில்லை. பழையதை அழுத்தித் திருகினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. உள்பக்கத்து மெல்லிய வரிகள் எல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்றிருந்தது.

"இது தேஞ்சு ரொம்ப நாளாச்சு. உங்களுக்குத் தெரியலையா?"

"நான் போட்டா சத்தமே வரல பாய்."

"நீங்க நியூட்ரல்ல ஒரு கணம் நின்னு போடற ஆளு. அந்த நேரத்துல கியரு தானா வேகம் கொறஞ்சிடும். ரிங்கு செய்யவேண்டிய வேலைய உங்க கை செஞ்சிருக்கு."

ஆமாம், இளவயதில் பழைய லோடு வேன் ஓட்டிப் படிந்த பழக்கம். அப்படி நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாததை அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்லித்தந்திருப்பேன்? அன்றைக்கு நான் ஓட்டிக் காட்டியது அவர்மேல் பழி போட்டதுதான். வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப் பாலம் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கோளாறு வண்டியில்தான், உங்கள் காலில் இல்லை, மன்னித்துவிடுங்கள், மிச்ச நாளைக்கு வாருங்கள் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க காலடியிலயும் ஒரு க்ளட்ச் இருக்கே மாஸ்டர். நான் மிதிச்சா அதுவும் கூடவே எறங்கும்னு மொத நாள் நீங்கதான் சொன்னீங்க. அது அடிவரைக்கும் எறங்கலையா?"

இறங்கியது. பதினொரு நாளும், ஒவ்வொரு முறையும், என் செருப்புக்குக் கீழே தரை தட்டும் வரை இறங்கியது. காலுக்குத் தெரிந்திருந்தும் வாய் பழைய பாட்டையே பாடியது.

"எறங்குச்சும்மா," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. உள்ளே கணவர் ஏதோ குழறலாகக் கூப்பிட்டார். "தோ வந்துட்டேன்," என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"வெள்ளிக்கெழமதான் காரை வித்தோம்," என்றார்.