பொத்தான் விழாத தட்டு

அந்த ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. வெள்ளவத்தைச் சிநேகிதிகள் "முட்டைக்காரி" என்று கேலி செய்வார்கள். அடைமுட்டைக்குள் காய்ச்சல் வைரஸை வளர்ப்பதுதானே என் வேலை! இப்போதும் அந்த அடைகாப்புப் பெட்டியின் சூடும், நாலு மணிப் பிளேன்டீயும் மனதைப் பிசைகின்றன.

ஒரு நாள் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் தொண்டைச்சளி வந்தது. வளர்ந்த வைரஸை, முந்தைய ஆண்டுகளில் காய்ச்சல் கண்டவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த, எதிர்ப்புச் சக்தியுள்ள பழைய சீரத்தோடு தட்டின் குழிகளில் சேர்த்து, கோழிச் செங்குருதிக் கலங்களை விட்டேன். சீரம் வைரஸை மறித்தால் கலங்கள் அடியில் சிவப்புப் பொத்தானாக விழும். மறிக்காவிட்டால் பாய் விரித்தமாதிரிப் பரவும்.

முந்தைய ஆண்டுகளில் சீரத்தில் உப்புநீர் விட்டுக் கூடுதலாக ஐதாக்கிய குழிகளில்தான் பொத்தான் தவறும். இம்முறை ஒரு குழியிலும் விழவில்லை. ஐயோ!

எங்கள் தலைமை டொக்டர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். "பிள்ளை, சீரத்தை வெளியில வச்சிட்டீரோ?"

"இல்லை டொக்டர், குளிர்ப்பெட்டியிலதான் இருந்தது."

இருந்ததே அந்த ஒரு போத்தல்தான். பழுதாக்கியிருந்தால் வேலை போய்விடும். மறுபடி தட்டை வைத்தேன். இம்முறை பக்கத்தில், அதே சீரத்தோடு முந்தைய ஆண்டு வைரஸையும் சேர்த்தேன்.

பழைய வைரஸின் வரிசையில் அழகழகாய்ப் பொத்தான்கள். புதியதில் ஒன்றுமேயில்லை.

"சீரம் நல்லாத்தான் இருக்கு டொக்டர்! நான் பிழை விடேல்ல!" துள்ளிக் குதித்தேன், மானங்கெட்டவள்.

டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்து மெதுவாகச் சொன்னார். "வருசாவருசம் வைரஸ் பெருகேக்க சின்னச் சின்னப் பிழை விட்டு மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமா மாறும். எங்கட உடம்புக்கு அரைகுறையா எண்டாலும் அடையாளம் தெரியும். அது நகர்வு. இது அப்பிடியில்லை. மேற்பரப்புப் புரதமே புதுசு. ரெண்டு வேற வைரஸ் ஒரே கலத்துக்குள்ள போய், மரபணுத் துண்டுகளை மாத்திக்கொண்டிருக்கும் போல. இது பெயர்ச்சி."

பறவை வைரஸின் துண்டு மனித வைரஸுக்குள் கலப்பதால் இப்படி நேரலாம் என்பதைப் பிறகுதான் படித்தேன். அன்று அவர் கடைசியாகச் சொன்னதுதான் மனதில் நின்றது: "இதைத் தடுக்க ஆரின்ர உடம்பிலயும் எதிர்ப்பு இல்லாட்டி, ஆளிட்டயிருந்து ஆளுக்குப் பரவி உலகம் முழுக்கச் சுத்தும். இண்டைக்கே வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு மாதிரியை அனுப்புவம்."

ஓம் என்றேன். மனம் மட்டும் வேலை தப்பிய சந்தோசத்தில்தான் இருந்தது. புறக்கோட்டையில் இறங்கி மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறினேன். நெரிசலில் ஒருவர் இருமினார். எத்தனை முகங்கள், எல்லோர் உடம்பிலும் அந்தப் பழைய சீரம்தானே என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டில், துறைமுகத்தில் வேலை செய்யும் அண்ணா போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். "காலையிலயிருந்து உடம்பெல்லாம் நோகுது," என்றார்.

மஸ்கட் பொட்டலத்தை மேசையில் வைத்தேன். கடவுளே, அந்தச் சீரத்தை நான்தான் பழுதாக்கியிருக்க வேண்டும் என்று அழுதழுது வேண்டிக்கொண்டேன்.