மேஜையில் இரண்டு தட்டு

அந்த மேஜையைப் பார்த்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. புத்தூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான். கல்லூரி கடைசி வருடம் நானும் என் தோழியும் அதில்தான் உட்கார்ந்து சீட்டு விளையாடினோம். அவள் வீடு ஸ்ரீரங்கத்தில். அங்கே சீட்டுக்கட்டை எடுக்க முடியாது. ஒருமுறை எடுத்தபோது அவள் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதென்னடி, பெருமாள் ஊர்ல சூதாட்டம்? ஆத்துல தாயக்கட்டை உருட்டினாலே ஆகாது!"

சூதாட்டம் இல்லை, வேலைக்கான பரீட்சை என்று அந்த மாமிக்கு யார் புரியவைப்பது? பங்குச் சந்தையில் நாள் முழுக்க வாங்கி விற்கும் ஒரு டிரேடிங் கம்பெனி எங்கள் கல்லூரிக்கு வருவதாக இருந்தது. மனக்கணக்கு வேண்டும், நிகழ்தகவுப் புதிர் வேண்டும், அதற்கு மேல் விலை சொல்லும் விளையாட்டு வேண்டும். ஆகவே கடை எங்கள் வீட்டுக்கு மாறியது.

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கடிகாரத்தோடு உட்கார்ந்துவிடுவார். "நாப்பத்தேழு இன்டு அம்பத்திமூணு?" என்பார். ஐம்பதின் வர்க்கத்தில் ஒன்பதைக் கழித்து இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்று என்று சொல்வதற்குள் அடுத்த கணக்கு வந்துவிடும். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனாலும் நிறுத்த மாட்டார். "அங்க மட்டும் உனக்காக சத்தம் போடாம இருப்பாங்களா?" என்பார்.

புதிர்களில் நான் கெட்டி. பகடையை உருட்டு, வந்த எண் எவ்வளவோ அத்தனை ரூபாய் உனக்கு. பிடிக்கவில்லை என்றால் ஒரே ஒருமுறை மறுபடி உருட்டலாம். இந்த ஆட்டத்தின் மதிப்பு என்ன? மறுபடி உருட்டினால் சராசரி மூன்றரை. அதனால் நான்கு, ஐந்து, ஆறு வந்தால் நிறுத்த வேண்டும். பாதி தடவை சராசரியாக ஐந்து, பாதி தடவை மூன்றரை, ஆக நாலேகால். அவளுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை இல்லை, மண்டையில் ஏறும்வரை.

விலை சொல்லும் விளையாட்டை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்கூட ஆடுவோம். "காவிரிப் பாலம் தாண்ட எத்தனை நிமிஷம்? மார்க்கெட் சொல்லு" என்பாள். "நாலுக்கு வாங்குறேன், ஆறுக்கு விக்கிறேன்" என்பேன். பாலத்தில் நெரிசல் என்று அவளுக்குத் தோன்றினால் ஆறுக்கு வாங்கிவிடுவாள். ஒன்பது நிமிடம் ஆனால் எனக்கு மூன்று நஷ்டம். இரண்டு பக்கமும் விலை சொல்ல வேண்டும், சொன்ன விலையில் எதிராளி எந்தப் பக்கம் வந்தாலும் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஆரம்பத்தில் அவள் கண்டபடி விலை சொல்லி அடி வாங்குவாள். ஒருநாள் எங்கள் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "சரிடி, இனிமே நீ தப்பா சொன்னா நான் ரெண்டு தட்டு தட்டுறேன். திருத்திக்கோ. நான் சொன்னா நீ தட்டு" என்றேன். அன்று முதல் அதுவே சட்டம். மாதக்கணக்கில் அப்படித்தான் ஆடினோம். யார் தப்பான விலை சொன்னாலும் மற்றவளின் விரல் தானாக மேஜைக்குப் போய்விடும்.

கடைசிச் சுற்றுக்கு நாங்கள் இருவர்தான் மிஞ்சினோம். வேலை ஒன்றுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் வந்த சாப்ட்வேர் கம்பெனிக்கு நான் போகவே இல்லை. அவ்வளவு ஆசை, அவ்வளவு திமிர்.

கல்லூரி விருந்தினர் அறையில் எங்களை எதிரெதிராக உட்காரவைத்தார்கள். மும்பையிலிருந்து வந்த அதிகாரி சீட்டைக் கலைத்தார். எங்களுக்கு ஆளுக்கு ஒரு சீட்டு, நடுவில் மூன்று கவிழ்ந்த சீட்டு. ஐந்தின் கூட்டுத்தொகைக்கு விலை சொல்ல வேண்டும். ஏஸ் ஒன்று, ராஜா பதின்மூன்று, தெரியாத சீட்டுக்குச் சராசரி ஏழு. முந்தைய ஆட்டங்களில் இருவரும் ஏறக்குறைய சமம். இது கடைசி ஆட்டம்.

என் கையில் ஆறு. நடுவில் முதல் சீட்டைத் திறந்தார்கள். இரண்டு. அவள் முறை.

"நாப்பதுக்கு வாங்குறேன், நாப்பத்திரண்டுக்கு விக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கையில் ராஜா! பதின்மூன்றோடு நான்கு ஏழைக் கூட்டினால் நாற்பத்தொன்று. திறந்த இரண்டை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. என் ஆறையும் சேர்த்தால் நியாயமான தொகை முப்பத்தைந்துதான். நாற்பதுக்கு விற்றுவிட வேண்டும். "விக்கிறேன்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தானே இத்தனை மாதம் தொண்டை வறளக் கத்தினோம்!

என் விரல் மேஜையை இரண்டு தட்டு தட்டியது.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "விலைய மாத்திக்கலாமா?" என்று கேட்டாள். எதிராளி இன்னும் விற்கவில்லையே, அதனால் மாற்றலாம் என்றார் அதிகாரி. முப்பத்தைந்து, முப்பத்தேழு என்று திருத்தினாள். அந்த விலையில் நான் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

அடுத்த சீட்டு ராணி, பன்னிரண்டு. இப்போது என் முறை. விற்காமல் விட்டேனே என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே கூட்டினேன். அவள் ராஜா, என் ஆறு, இரண்டு, பன்னிரண்டு, முப்பத்துமூன்று. "முப்பத்திரண்டுக்கு வாங்குறேன், முப்பத்திநாலுக்கு விக்கிறேன்."

வாயை மூடுவதற்குள் உறைத்தது. கவிழ்ந்திருக்கும் கடைசிச் சீட்டுக்கு ஏழைச் சேர்க்கவில்லை. அவளுக்கும் தெரிந்துவிட்டது, முகத்தில் பார்த்தேன். அதனால் நான் பதறவில்லை. தட்டுவாள் என்று அவள் விரலைப் பார்த்தேன்.

"வாங்குறேன்" என்றாள்.

கடைசிச் சீட்டு நான்கு. மொத்தம் முப்பத்தேழு. அவளுக்கு மூன்று லாபம், எனக்கு மூன்று நஷ்டம். நாற்பதுக்கு விற்றிருந்தால் அதே மூன்று எனக்கு வந்திருக்கும்.

"நீங்க மேஜையத் தட்டினீங்களே, எதுக்கு?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். "பழக்கம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சீட்டை அடுக்கினார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"வாய் முந்திடுச்சுடி."

வாய் முந்தியதாம்! வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்களே, அந்தக் கடாவாவது இப்படிச் சாக்கு சொல்லாது. சாயங்காலம் அவள் பெயரை அறிவித்தார்கள். அப்பா கடிகாரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் இப்போது சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அவள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். போயிருக்கவே கூடாது. மாமி காபியும் தட்டையும் கொண்டுவந்து வைத்தார். "எல்லாம் பெருமாள் அனுக்கிரகம். இவளும் ராப்பகலா படிச்சா, பாவம்" என்றார். நான் காபியைக் குடித்தேன். அதே மாமிதான், சீட்டைச் சூதாட்டம் என்றவர்.

மாமி உள்ளே போனதும் அவள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"உனக்கு இன்னும் கோபமாடி? ரெண்டு பேரும் ஒரே ரூல்ஸ்லதானே ஆடினோம்?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவர்கள் வீட்டு மேஜையில் இரண்டு தட்டு தட்டினேன்.

அவள் நிமிர்ந்தாள். முகம் சிவந்தது. என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நான் காத்திருந்தேன். அவள் தட்டையை எடுத்துக் கடித்தாள். சொன்னதைத் திருத்திக்கொள்ளவில்லை.