தெரு முழுக்க நல்ல உப்பு

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை டயட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாட்ச்மேன் மட்டும் அவள் தலை மறைந்ததும் "உப்பு போலீஸ்" என்பார். அதுவும் அவள் காதுக்கு எட்டியதுதான். எட்டி என்ன செய்ய? நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் சாப்பாட்டு வகுப்பு எடுக்கிறேன் என்று இருபது வருஷமாக ஒரே பாட்டைப் பாடினால் யாருக்குத்தான் காது புளிக்காது?

பாட்டு இதுதான். சமையலில் உப்பு குறைவு. தட்டில் பாதி காய்கறியும் பழமும். தினமும் ஏதாவது ஒரு பயறு. தீட்டாத தானியம். கொறிக்க பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி பாதாமோ கடலையோ. கட்டியாக நிற்கும் கொழுப்புக்குப் பதில் ஆலிவ் எண்ணெய், அது விலை கட்டுப்படியாகாவிட்டால் கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய். மத்தியதரைக்கடல் ஓரத்து ஜனங்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் சாப்பிட்டார்கள். இதயநோய் வர வாய்ப்புள்ளவர்களை இப்படிச் சாப்பிட வைத்துப் பார்த்தபோது பக்கவாதமும் மாரடைப்பும் குறைந்தன.

"குறைஞ்சுதா? வராதுன்னு சொல்லுங்க மேடம், இன்னிக்கே ஆரம்பிச்சிடறோம்" என்பார்கள்.

வராது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வாய் நுனிவரை வந்தாலும் விழுங்கிவிடுவாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் தயவுதாட்சண்யம் பார்க்க மாட்டாள். அது டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கட்டியாக்கும்போது உண்டாவது. கெட்ட கொழுப்பை ஏற்றும், நல்ல கொழுப்பை இறக்கும், உடம்புக்குக் கால் காசு பிரயோஜனம் கிடையாது. "அதுல கொஞ்சம்கிற பேச்சே இல்ல. பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க, பேர் இருந்தா வெச்சிட்டு வாங்க" என்பாள். வகுப்பு முடிந்து வெளியே போனால் கேன்டீன் வாசலில் அதே ஆட்கள் பஃப்ஸ் தின்றுகொண்டு நிற்பார்கள். அவளைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். அட போங்கப்பா என்று தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள். திட்டுவதற்குக்கூடத் தெம்பு வேண்டாமா?

அன்று திங்கட்கிழமை. அவசரப் பிரிவிலிருந்து போன். "டயட்டம்மா, கொஞ்சம் கீழ வாங்க. உங்க பேரைச் சொல்றாங்க" என்றார் டியூட்டி டாக்டர். குரலில் கிண்டல் இல்லை.

கட்டிலில் ஒரு வேன் டிரைவர். கைகால் துவண்டு கிடந்தது. நாடி மெதுவாகத் துடித்தது. ஈசிஜி தாளில் கோடுகள் கூர் கூராக எழும்பியிருந்தன. ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். நரம்பில் கால்சியம் போய்க்கொண்டிருந்தது. அடுத்து இன்சுலினும் குளுக்கோஸும். அதற்கும் இறங்காவிட்டால் டயாலிசிஸ்.

பக்கத்தில் அவர் மனைவி, ஒரு தையல்காரி. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. அதைக் கழற்றிவைக்கக்கூட நேரமில்லாமல் ஓடிவந்திருக்கிறாள்.

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்மா" என்றாள் அவள். "பாக்கெட் சாமான் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். தினமும் பயறு, கீரை, தக்காளி. அந்த நல்ல உப்பைத்தான் போட்டேன். அவர் ருசி பத்தலைன்னாருன்னு இன்னும் கொஞ்சம் கூடப் போட்டேன்."

டயட்டம்மா கட்டிலில் தொங்கிய சீட்டை எடுத்துப் படித்தாள்.

நல்ல உப்பு என்று அந்தப் பெண் சொன்னது, டயட்டம்மாவே வகுப்பில் சிபாரிசு செய்தது: சோடியத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பொட்டாசியம் கலந்த உப்பு. கெட்ட சரக்கு இல்லை. பிரஷரை இறக்கும். ஆயிரக்கணக்கான பேரிடம் சோதித்ததில் பக்கவாதத்தையே குறைத்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கிட்னி பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாது, உள்ளேயே தங்கும். சில பிரஷர் மாத்திரைகளும் அதைத் தேக்கிவைக்கும். அப்படிப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக்கூடாது. டிரைவருக்கு இரண்டுமே இருந்தன.

"வீட்டுக்காரருக்குக் கிட்னி சரியில்லன்னு நீ வகுப்புல சொல்லவே இல்லையேம்மா?"

"நீங்க கேக்கலியே" என்றாள் தையல்காரி. குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

ஆமாம், கேட்கவில்லை. எல்லா வகுப்பிலும் கேட்பாள். அந்த உப்பைப் பற்றிச் சொன்ன அன்று தொண்டை கட்டிப் போயிருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். "சரி, மிச்சத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று இவளும் பையைத் தூக்கிக்கொண்டாள். ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சம் இருந்தது. அடுத்த வாரம் அது நினைவுக்கே வரவில்லை. அலுப்பு என்னென்ன காரியம் செய்யும் பாருங்கள்!

சாயங்காலத்துக்குள் பொட்டாசியம் இறங்கியது. டிரைவர் கண்ணைத் திறந்து, "வேன் சாவி எங்க?" என்றார். தையல்காரி அழுதுகொண்டே சிரித்தாள். டயட்டம்மா அவளைத் தனியே அழைத்துப்போய், "தப்பு என்னோடதும்மா. நான் சொல்லியிருக்கணும்" என்றாள். டாக்டரிடமும் இதையே சொல்லியாயிற்று. தலைமை டாக்டர் நாளைக் காலையில் வரச் சொல்லியிருக்கிறார். போனால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தையல்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று டயட்டம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அந்த உப்பை நான் எங்க தெரு பூரா வாங்கிக் குடுத்துட்டேனே! துணி தைக்க வர்ற எல்லார்கிட்டயும் சொன்னேன். மொத்தமா வாங்கினா மலிவுன்னு..."

கடவுளே! இருபது வருஷம் தொண்டை கிழியப் பேசியும் ஒரு தெரு திருந்தியதில்லை. இந்தப் பெண் கத்தரிக்கோலைப் பிடித்தபடியே திருத்திவிட்டாள். டயட்டம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, வீட்டைக் காட்டு" என்றாள்.

எல்லோரும் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அப்படியும் சொல்ல முடியாது. முதல் வீட்டில் ஒரு டீச்சர். "எனக்கு இப்பதான் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கு, நிறுத்தச் சொல்லாதீங்க" என்றார். டயட்டம்மா மாத்திரை அட்டைகளையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் வாங்கிப் பார்த்து, டாக்டருக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டி, "நீங்க தாராளமா போட்டுக்குங்க, ஆனா அளவோட" என்றாள். இன்னொரு வீட்டில் சந்தேகமாக இருந்தது. "டெஸ்ட் எடுக்கிறவரைக்கும் இதை மூடி வைங்க. அதுக்குன்னு பழைய உப்பை அள்ளிப் போட்டுடாதீங்க. எலுமிச்சை, பூண்டு, மிளகு வெச்சு சமாளிங்க" என்றாள். வீட்டுக்கு வீடு மாடிப்படி.

கடைசி வீட்டில், ரிட்டயர்டு எலக்ட்ரீஷியன் ஒருவர் தனியாக இருந்தார். மேஜையில் மாத்திரை அட்டைகள். டயட்டம்மா ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள். பொட்டாசியத்தைத் தேக்கும் அதே வகை. பக்கத்தில் கிட்னி டாக்டரின் சீட்டு.

"ஐயா, தையல்காரம்மா குடுத்த உப்பு... எவ்வளவு நாளா போடறீங்க?"

பெரியவர் தையல்காரியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நெளிந்தார். "கோவிச்சுக்காதீங்க. ஒரு நாள் வாயில வெச்சேன், ஒரே கசப்பு. வாஷ்பேசின்ல கொட்டிட்டேன். உங்க பேச்சைக் கேக்காதது தப்புதான்."

டயட்டம்மா அங்கிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சொன்னதைக் கேட்காத மனிதரைப் பார்த்து அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கை கூப்பினாள்.